வண்டியை ஓரம் கட்டுவதற்கு முன்: விபத்து இடத்தில் எடுக்க வேண்டிய குறிப்பும் கைப்படமும்

கேள்வி: மில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேன்களை நான் பார்த்துக்கொள்கிறேன். விபத்து என்றால் டிரைவர் மறுநாளோ மூன்றாம் நாளோதான் அறிக்கை எழுதித் தருகிறார். அதிலுள்ள நேரமும் இடமும் போலீஸ் எழுதியதோடு ஒத்துப்போவதில்லை, இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்டால் பதில் இல்லை. சம்பவ இடத்திலேயே என்னென்ன குறிக்கச் சொல்ல வேண்டும்? படம் எப்படிப் போடுவது?

பதில்:

அறிக்கையை மறுநாள் நிதானமாக உட்கார்ந்து எழுதட்டும், அதில் தவறில்லை. ஆனால் எந்தக் கடிகாரப்படி எத்தனை மணி, எது எங்கே கிடந்தது, கண்ணால் பார்த்தது என்ன, பிறர் சொன்னது என்ன என்கிற நான்கும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன் தாளில் ஏறியிருக்க வேண்டும். இந்த நான்கைத் தவிர மற்றதையெல்லாம் பிறகும் சேகரிக்கலாம்.

அடிபட்டவர் இருந்தால் 108-ஐ அழைப்பது, அபாய விளக்கைப் போடுவது, பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க ஆள் நிறுத்துவது ஆகிய மூன்றும் முடிந்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கும் நேரமே பெரும்பாலும் குறிப்புக்குப் போதும். அடிபட்டவருக்கு உதவ வேறு ஆள் இல்லையென்றால் குறிப்பு காத்திருக்கட்டும்.

எதை முதலில் குறிப்பது என்பதை, எது முதலில் அழியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நம் ஊர் சாலைகளில் முதலில் போவது வண்டிகள் நின்ற நிலை. பத்து நிமிடத்துக்குள் நான்கு பேர் சேர்ந்து பைக்கைத் தூக்கி ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள், வேனையும் நகர்த்தச் சொல்வார்கள். அடுத்தது உடைந்த கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். வரும் வண்டிகளின் சக்கரம் அவற்றைச் சிதறடிக்கும், இல்லையென்றால் யாராவது காலால் ஒதுக்கிவிடுவார்கள். பிரேக் தடம் அதன் பிறகு மங்கும். ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் தடம் தொடக்கத்திலிருந்தே மெலிதாகத்தான் இருக்கும். தார்ச் சாலையில் இரும்பு கீறிய கோடு சில நாள் தங்கும். சாலையின் அகலம், வளைவு, வேகத்தடை எல்லாம் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும், அவற்றை அளப்பதில் முதல் ஐந்து நிமிடத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, வண்டி நகர்வதற்கு முன் அதன் இடத்தைத் தரையில் பதிவது. ஒவ்வொரு வேனிலும் நான்கைந்து சாக்பீஸ் இருக்கட்டும். அது இல்லாத இடத்தில் செங்கல் துண்டு போதும். வேன் என்றால் ஒரே பக்கத்து முன்சக்கரமும் பின்சக்கரமும் தரையைத் தொடும் இடங்களில் ஒரு கோடு. ஒரு சக்கரத்தை மட்டும் குறித்தால் வண்டி எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பது தெரியாமல் போகும். கீழே கிடக்கும் பைக் என்றால் இரண்டு சக்கரங்களின் மையத்துக்கு நேர்கீழே ஒவ்வொரு புள்ளி. இதற்கு அரை நிமிடம் ஆகும். அதன்பின் யார் எதை நகர்த்தினாலும் டேப்பை நிதானமாகப் பிடிக்கலாம்.

போட்டோ எடுத்துவிட்டோமே, பிறகு எதற்கு அளவு என்று டிரைவர்கள் கேட்பார்கள். போட்டோ கட்டாயம் வேண்டும். நான்கு மூலைகளிலிருந்தும், மின்கம்பமோ கிலோமீட்டர் கல்லோ சட்டத்துக்குள் வரும்படி எடுக்க வேண்டும். ஆனால் போன் கேமராவின் அகலமான பார்வை, அருகில் இருப்பதைப் பெரிதாகவும் தொலைவில் இருப்பதை இன்னும் தள்ளியும் காட்டும். பைக் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஓர் அடி வித்தியாசத்தில் சண்டை வரும்போது, சாய்வாக எடுத்த படத்தை இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமாகப் படிக்கும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரத்தின் பதிவு போய்விடும். மூலப் படம் போனிலேயே அழியாமல் இருக்கட்டும், அலுவலகத்துக்கு அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பட்டும்.

நேரம்

அறிக்கைகளில் அதிகம் இடிப்பது நேரம்தான். டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்பார், ஜிபிஎஸ் கருவி வேறு நேரம் சொல்லும், பெட்ரோல் பங்க் சிசிடிவி மூன்றாவதாக ஒன்றைக் காட்டும். மூன்றும் தனித்தனியாகச் சரியாக இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரோ பொய் சொல்வதுபோல் தெரியும்.

இதற்கு ஒரே வழி, எல்லா நேரத்தையும் ஒரே கடிகாரப்படி எழுதி, அது எந்தக் கடிகாரம் என்று பக்கத்தின் தலையிலேயே குறிப்பது. நெட்வொர்க் நேரத்தைத் தானாக எடுக்கும்படி வைத்த செல்போனே போதுமானது. மற்ற கடிகாரங்களைத் திருத்தப் பார்க்காதீர்கள், வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். சிசிடிவி பார்க்கும்போது அந்தத் திரையையும் உங்கள் போனையும் சேர்த்து இன்னொரு போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் முடிந்தது. திரையில் 18:52:10, போனில் 18:46:40 என்றால் அந்தக் கேமரா ஐந்தரை நிமிடம் முந்துகிறது. ஜிபிஎஸ் பதிவு சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் அது பழுது அல்ல, கருவி உலகப் பொது நேரத்தில் பதிகிறது.

மோதிய நொடியில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. அதனால் "சுமார் 6.45" என்று மட்டும் எழுதாமல், அது எப்படித் தெரியும் என்பதையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். 108-க்கு அழைத்த நேரம் போனில் நிமிடம் பிசகாமல் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம்: அழைப்பு 6.47, மோதிய பிறகு இறங்கி ஓடி, பைக்காரரைப் பார்த்துவிட்டு அழைத்தது, ஆகவே மோதல் 6.44-க்கும் 6.46-க்கும் இடையில். இப்படி எழுதிய நேரத்தை யாரும் அசைக்க முடியாது, ஏனென்றால் தெரிந்ததற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. அழைப்புப் பட்டியலை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புது அழைப்புகள் சேரச் சேரப் பழையவை பட்டியலிலிருந்து போய்விடலாம்.

சம்பவ நேரம் வேறு, அதை எழுதிய நேரம் வேறு. இரண்டும் குறிப்பில் இருக்க வேண்டும். 7.10-க்கு எழுதியதையும் இரவு 11-க்கு வீட்டில் எழுதியதையும் ஒரே எடையில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கைப்படமும் அளவுகளும்

ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். கிழக்கு மேற்காகப் போகும் இருவழிச் சாலை, தார் அகலம் 7 மீட்டர். தெற்கிலிருந்து ஒரு கிராமச் சாலை வந்து சேர்கிறது. வேன் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, அதாவது சாலையின் வடக்குப் பாதியில். கிராமச் சாலையிலிருந்து வந்த பைக் வலப்பக்கம் திரும்பிக் கிழக்கே போக முயன்றபோது மோதல். நாளை வரப்போகும் தகராறு ஒன்றுதான்: வேன் தன் பாதியில் இருந்ததா, நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே வந்து பைக்கை அடித்ததா?

தாளை எடுத்து முதலில் சாலையின் இரண்டு விளிம்புகளையும் கிராமச் சாலையையும் கோடாகப் போடுங்கள். ஒரு மூலையில் வடக்கு அம்புக்குறி. சாலையின் இரு முனைகளிலும் அது எந்த ஊர்ப் பக்கம் போகிறது என்று எழுதுங்கள். அடியில் "அளவுகோலுக்கு உட்பட்டதல்ல" என்று ஒரு வரி. இந்த வரி இருந்தால் படம் கோணலாக இருக்கிறதே என்று யாரும் குறை சொல்ல முடியாது, எண்கள்தான் பேசும்.

அடுத்து, அசையாத ஒரு பொருள் வேண்டும். எண் எழுதிய மின்கம்பம், கிலோமீட்டர் கல், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் ஆகியவை நல்லவை. நிற்கும் லாரி, டீக்கடை பெஞ்ச், போலீஸ் தடுப்பு ஆகியவை கூடாது, அடுத்த நாள் அவை வேறெங்கோ இருக்கும். நம் எடுத்துக்காட்டில் சந்திப்புக்குச் சற்று மேற்கே, வடக்கு ஓரத்தில் ஒரு மின்கம்பம் நிற்கிறது. அது தார் விளிம்பிலிருந்து 1.8 மீட்டர் வடக்கே தள்ளி இருக்கிறது. கம்பத்துக்கு நேரே தார் விளிம்பில் உள்ள புள்ளிதான் நம் பூஜ்யம்.

இனி ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அளவு. பூஜ்யத்திலிருந்து விளிம்பு ஓரமாகவே கிழக்கே எத்தனை மீட்டர், அங்கிருந்து செங்குத்தாகத் தெற்கே எத்தனை மீட்டர். "கம்பத்திலிருந்து 13 மீட்டர்" என்று ஒரே ஓர் அளவு மட்டும் இருந்தால், கம்பத்தைச் சுற்றி 13 மீட்டரில் எங்கு வேண்டுமானாலும் அந்தப் பொருளை வைக்கலாம். இரண்டாவது அளவுதான் இடத்தைப் பூட்டுகிறது. குறிப்பு இப்படி இருக்கும்:

பூஜ்யம்: மின்கம்பத்துக்கு நேர் வடக்குத் தார் விளிம்பு. கி = கிழக்கே, தெ = தெற்கே, மீட்டரில்.
1. பிரேக் தடம் தொடக்கம், கிளீனர் பக்கம்: கி 4.2, தெ 1.1
2. தரையில் கீறல் தொடக்கம்: கி 12.6, தெ 2.4
3. கண்ணாடித் தூள் அடர்ந்த இடம்: கி 12 முதல் 14, தெ 2 முதல் 3
4. வேன் கிளீனர் பக்கப் பின்சக்கரம்: கி 13.1, தெ 1.0
5. வேன் கிளீனர் பக்க முன்சக்கரம்: கி 16.4, தெ 0.9
6. பைக் பின்சக்கர மையம்: கி 20.0, தெ 3.0
7. பைக் முன்சக்கர மையம்: கி 21.0, தெ 2.2
சரிபார்ப்பு: கம்பத்திலிருந்து நேராக 2-க்கு 13.3

படத்தில் இந்த எண்களை மட்டும் சிறு வட்டத்துக்குள் போட்டால் போதும், அளவுகளைப் பக்கத்தில் பட்டியலாக எழுதலாம். படத்துக்குள்ளேயே எல்லா மீட்டரையும் எழுதினால் இரவில் எதுவும் படிக்க முடியாது.

சாலை 7 மீட்டர், நடுக்கோடு விளிம்பிலிருந்து 3.5 மீட்டரில். கீறல் தொடங்கும் இடம் 2.4, கண்ணாடி விழுந்தது 2 முதல் 3 வரை, இரண்டும் வடக்குப் பாதிக்குள். யார்மீது தவறு என்பதை இது முடிவு செய்யாது, ஆனால் மோதல் சாலையின் எந்தப் பாதியில் நடந்தது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் யாரிடமும் இருக்காது. அந்தச் செங்குத்து அளவு இல்லாமல் 12.6 மட்டும் இருந்திருந்தால் இந்தப் பட்டியல் முழுவதும் வீண்.

கடைசி வரியில் உள்ள 13.3 எதற்கு? கம்பம் விளிம்புக்கு 1.8 மீட்டர் வடக்கேயும் கீறல் 2.4 மீட்டர் தெற்கேயும் இருப்பதால், கம்பத்திலிருந்து சாய்வாக நேரே பிடித்தால் 12.6 வராது, 13.3 வரும். மறுநாள் அறிக்கை எழுதுபவர் "கம்பத்திலிருந்து 12.6 மீட்டர்" என்று சுருக்கிவிட்டு, சர்வேயர் வந்து கம்பத்திலிருந்து டேப் பிடித்தால் 70 சென்டிமீட்டர் இடிக்கும். ஒரே ஒரு சாய்வு அளவு கூடுதலாக இருந்தால் எது எங்கிருந்து அளந்தது என்பது உடனே விளங்கிவிடும்.

பிரேக் தடத்தில் ஒரு பொறி இருக்கிறது, பலரும் அதில்தான் விழுகிறார்கள். தடம் தொடங்கிய இடத்திலிருந்து வண்டியின் முன்சக்கரம் வரை டேப் பிடித்து அதைத் தடத்தின் நீளம் என்று எழுதிவிடுகிறார்கள். மேலே உள்ள அளவுகளில் அது 16.4 கழித்தல் 4.2, அதாவது 12.2 மீட்டர். ஆனால் நான்கு சக்கரமும் இறுகி நின்ற வண்டியில் தடத்தின் தொடக்கம் பின்சக்கரம் போட்டது. முன்சக்கரத் தடத்தின் மேலேயே பின்சக்கரமும் இழுபட்டு வருகிறது. அப்படியானால் வண்டி சறுக்கிய தூரம் பின்சக்கரம் வரைதான், 13.1 கழித்தல் 4.2, வெறும் 8.9 மீட்டர். வித்தியாசம் இரண்டு சக்கரங்களுக்கு இடையிலுள்ள 3.3 மீட்டர். காய்ந்த தாருக்கு உராய்வு எண் 0.7 என்று வைத்து, 254 × 0.7 × நீளம் என்பதன் வர்க்கமூலம் கண்டால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரு மதிப்பு வரும். 12.2-க்கு ஏறக்குறைய 47, 8.9-க்கு 40. டேப்பைத் தவறான சக்கரத்தில் வைத்ததால் மட்டும் டிரைவரின் வேகம் காகிதத்தில் ஏழு கிலோமீட்டர் கூடிவிட்டது. இந்தக் கணக்கைச் சம்பவ இடத்தில் யாரும் போட வேண்டாம். எந்தச் சக்கரம் வரை அளந்தது என்பதை மட்டும் தவறாமல் எழுதட்டும். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டின் இடமும் தனித்தனியாக இருந்தால் கணக்குத் தெரிந்தவர் பிறகு சரியாகப் போட்டுக்கொள்வார்.

டேப் இல்லையென்றால் காலடியால் அளக்கலாம், ஆனால் காலடியைக் காலடி என்றே எழுத வேண்டும். "17 அடிவைப்பு" என்று எழுதிவிட்டு, அதே செருப்போடு அதே ஆள் பிறகு ஒரு 10 மீட்டர் தூரத்தை நடந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அங்கேயே மனக்கணக்காக மீட்டராக்கி எழுதினால் மூல எண் போய்விடும். வேகமாக வண்டிகள் ஓடும் நெடுஞ்சாலையில் சாலைக்குள் இறங்கி டேப் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. விளிம்போர அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள வெள்ளைக் கோடுகளை ஓரத்தில் நின்றே எண்ணுங்கள்: "கீறல், கம்பத்துக்கு நேரான கோட்டிலிருந்து கிழக்கே இரண்டாவது கோட்டுக்கு வடக்கே". ஒரு கோடும் ஓர் இடைவெளியும் எவ்வளவு நீளம் என்பதைப் போக்குவரத்து குறைந்த பிறகு அளந்துகொள்ளலாம்.

இடம், வலம் என்ற சொற்களைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது மாறிவிடும். வண்டிக்கு டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம். சாலைக்குக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. டிரைவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள், அறிக்கை எழுதுபவர் நாகரிகமாக்கும்போதுதான் அது குழம்புகிறது.

பார்த்ததும் கேட்டதும்

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எழுத்து போடச் சொல்லுங்கள்: கண்டதற்கு க, கேட்டதற்கு கே, ஊகித்ததற்கு ஊ. "க: பைக் ஹெட்லைட் எரியவில்லை." "கே: ஹெட்லைட் போடாமத்தான் வந்தாப்ல, டீக்கடைக்காரர் சொன்னது, 7.08." "ஊ: மோதலில் விளக்கு அணைந்திருக்கலாம்." மூன்றும் ஒரே விளக்கைப் பற்றியவைதான். கலந்து எழுதினால் மறுநாள் "ஹெட்லைட் இல்லாமல் வந்த பைக்" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும். டிரைவர் பார்த்தது மோதிய பிறகு கிடந்த பைக்கை மட்டும்தான் என்பது அதில் தொலைந்துபோகும்.

சாட்சி சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள், கூடவே அவர் எங்கே நின்றார், அங்கிருந்து சந்திப்பு தெரியுமா என்பதையும். கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 1974-இல் லாஃப்டஸ், பாமர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கார்கள் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, "தொட்டபோது என்ன வேகம்" என்று ஒரு குழுவிடமும், "நொறுங்க மோதியபோது என்ன வேகம்" என்று இன்னொரு குழுவிடமும் கேட்டார்கள். வினைச்சொல் மட்டும்தான் வேறு. முதல் குழு சராசரியாக மணிக்கு 32 மைல் அளவும் இரண்டாவது குழு 41 மைல் அளவும் சொன்னது. அடுத்த சோதனையில், நொறுங்க மோதியது என்று கேட்கப்பட்டவர்களில் 50 பேருக்கு 16 பேர், படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியை ஒரு வாரம் கழித்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். "மோதியபோது" என்று சாதாரணமாகக் கேட்கப்பட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர். ஆகவே "பைக்காரன் வேகமா வந்தானா?" என்று கேட்காதீர்கள். "என்ன பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

உங்கள் டிரைவருக்கும் இதுவே பொருந்தும். வேனில் வந்த தொழிலாளர்களோடு அரை மணி நேரம் பேசிவிட்டால் அவர்கள் பார்த்தது எது, தான் பார்த்தது எது என்று அவருக்கே பிரிக்கத் தெரியாது. முதலில் தனியாக உட்கார்ந்து தன் குறிப்பை முடிக்கட்டும். கை நடுங்கி எழுத வரவில்லையென்றால் போனில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யட்டும், தொடக்கத்திலேயே மணியையும் இடத்தையும் சொல்லட்டும். அன்றைக்கே அதைக் கேட்டுத் தாளில் ஏற்ற வேண்டும், ஒலிப்பதிவையும் அழிக்கக் கூடாது.

"என் தப்பு", "அவன் தப்பு" இரண்டும் குறிப்பில் வேண்டாம். அது முடிவு, பார்த்தது அல்ல. "வேகமாக வந்தது" என்பதும் அப்படித்தான். அதற்குப் பதில் "மூன்றாவது கியரில் வந்தேன், சந்திப்புக்கு முன் ஹாரன் அடித்தேன்" என்று நடந்ததை எழுதலாம்.

குறிப்பேட்டை வைத்துக்கொள்ளும் விதம்

உதிரித் தாள் வேண்டாம். பக்க எண் போட்ட, தைத்த சிறிய நோட்டு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும், கூடவே ஒரு பால்பாயின்ட் பேனாவும் மழைக்கு ஒரு பென்சிலும். தவறாக எழுதினால் ஒற்றைக் கோட்டால் அடித்து, அடித்தது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. பின்னர் நினைவுக்கு வந்ததை நடுவில் செருகாமல், கடைசியில் தேதியும் மணியும் போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும். எழுதி முடித்த மணியைப் போட்டுக் கையெழுத்திட்டு, பக்கத்தைப் படம் எடுத்து அங்கிருந்தே அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டால், பிறகு திருத்தி எழுதியது என்று யாரும் எளிதில் சொல்ல முடியாது.

இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு, சம்பவத்தின்போதோ, நினைவு மங்காமல் இருந்திருக்கும் என்று நீதிமன்றம் கருதும் அளவுக்கு விரைவிலோ, தான் எழுதியதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சியை அனுமதிக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 159-ஆம் பிரிவு. அப்படிப் பார்க்கும் தாளை எதிர்த்தரப்பு கேட்டால் காட்ட வேண்டும், அதை வைத்து அவர்கள் குறுக்கு விசாரணையும் செய்யலாம். ஆகவே நல்லபடி அழகாகத் திரும்ப எழுதிய பிரதி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மண்ணும் கறையும் பட்ட மூல நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போலீஸ் தன் பங்குக்குப் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிக்கும். உங்கள் கைப்படம் அதற்கு மாற்று அல்ல. ஆனால் விசாரணை அதிகாரி வரும்போது வண்டிகள் நகர்ந்திருந்தால், சாக்பீஸ் குறிகளையும் உங்கள் அளவுகளையும் காட்டலாம். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி டிரைவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் போக வேண்டும். இந்த இரண்டு இடத்திலும் சொல்லும் நேரம் நோட்டைப் பார்த்துச் சொன்னதாக இருக்கட்டும். புகாரில் 6.45 என்றும் கிளெய்ம் படிவத்தில் 7.30 என்றும் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், ஒன்று சம்பவ நேரம், மற்றது அலுவலகத்துக்குப் போன் வந்த நேரம் என்பதுதான்.

குறிப்பிலிருந்து அறிக்கை

அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் நோட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். நீங்கள் சரிபார்க்கும்போது ஓரத்தில் பென்சிலால் நோட்டின் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டே போங்கள். எண் விழாத வரியைக் கண்டால் டிரைவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். "மாலை 7 மணியளவில்" என்று வழவழப்பாக்குவது, "12 முதல் 14" என்பதை 13 என்று முடிப்பது, "கே" என்று எழுதியதை எழுத்தைக் கழற்றிவிட்டுத் தான் பார்த்ததுபோல் எழுதுவது ஆகிய மூன்றும் இந்தக் கட்டத்தில்தான் நுழைகின்றன. மூன்றையும் மாற்றாமல் அப்படியே விடச் சொல்லுங்கள். கரடுமுரடாக இருந்தால் இருக்கட்டும்.

டிரைவரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், நீங்கள் போகும்போது இடம் காலி என்றாலும் கொஞ்சம் மீட்கலாம். தார் கீறலும் எண்ணெய்க் கறையும் இன்னும் இருக்கும், அவற்றை மேலே சொன்ன முறையில் அளந்துவிடுங்கள். கறை எந்த வண்டியுடையது என்று தெரியாவிட்டால் "கறை" என்று மட்டும் எழுதுங்கள். அக்கம்பக்கத்துக் கடைகளின் சிசிடிவி சில வாரங்களில் தானாக அழிந்து மேலே பதியும் என்பதால் அன்றே பேசி வையுங்கள். யாராவது போனில் படம் எடுத்திருந்தால் மூலப் பிரதியாகக் கேட்டு வாங்குங்கள். டிரைவர் பேசும் நிலைக்கு வந்ததும், நீங்கள் அளந்ததைக் காட்டுவதற்கு முன் வெறும் தாளைக் கொடுத்து அவரையே படம் போடச் சொல்லுங்கள். அதன் தலையில் எழுதிய தேதி, மணி, "சம்பவத்துக்கு இத்தனை நாள் கழித்து நினைவிலிருந்து போட்டது" என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். அது உங்கள் அளவுகளோடு ஒத்துப்போகாத இடங்களில் இரண்டையும் அப்படியே அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள், ஒன்றுக்கு ஏற்ப மற்றதைத் திருத்தாதீர்கள்.